கடைக்குப் போன பாய்

அண்ணன் உட்கார்ந்த நாற்காலியில்தான் நானும் உட்காருகிறேன். பிரம்பு நாற்காலி. நடுவில் ஒரு குழி. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி. முதல் வருடம் அந்தக் குழி எனக்குப் பெரிதாக இருந்தது. நாலாவது வருடம் சரியாக இருந்தது.

கொல்கத்தா காளிகாட்டில் கோயிலுக்குப் போகும் ஒரு சந்தின் முனையில் கடை. இட்லி, தோசை, பொங்கல், வடை, காபி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அண்ணன் முதலில் வந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு நான் பின்னால் வந்தேன். டாலிகஞ்சில் ஒரே வீட்டில்தான் இரண்டு குடும்பமும். அண்ணன் போன பிறகும் அவர் மனைவி, என் மதினி, எங்களோடுதான் இருக்கிறார். அவர் மகன் பெங்களூரில் வேலை.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தொன்று. காலை பதினொரு மணி, கூட்டம் குறைந்த நேரம். கல்லாவில் தலையைச் சாய்த்திருந்தார். தோசைக்கல் அருகே நின்ற நான் அவர் அசதியில் கண் மூடியிருக்கிறார் என்று நினைத்தேன். காபி குடித்து முடித்த ஒரு வங்காளிப் பெரியவர் அவர் தோளைத் தட்டி, "தாதா, உட்டுன்" என்றார். அண்ணா, எழுந்திருங்கள் என்று அர்த்தம். அண்ணன் எழுந்திருக்கவில்லை. கல்லில் ஊற்றிய தோசை கருகிப் புகைந்தது. அதைத் திருப்பிப் போடவேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. திருப்பிப் போட்டுவிட்டுத்தான் அண்ணனிடம் போனேன்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். ஆனால் இது இல்லாமல் அது இல்லை.

எனக்கு நாற்பத்தெட்டு நடக்கும்போது அது தொடங்கியது. எங்கள் தொழிலில் ராத்திரிக்கு மதிப்பு கிடையாது. மதியம் இரண்டு முதல் நாலு வரை கடை சாத்தியிருக்கும். மகள் கல்லூரியில் இருப்பாள். மதினி துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். துணி காயும் வரை இறங்க மாட்டார். யாரும் சொல்லி வைத்ததல்ல. அண்ணன் இருந்த காலத்தில் ஒரு நாள் என் மனைவி மாடிக்குப் போவாள், ஒரு நாள் மதினி போவார். இப்போது மதினி மட்டும் போகிறார். அந்த இரண்டு மணி நேரம்தான் கல்யாணமான நாளிலிருந்து எங்களுடையது.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் எனக்கு விறைப்பு நிற்கவில்லை. வந்தது, பாதியில் போனது. வெயில் என்றேன். அடுத்த வாரமும் வெயில் என்றேன். மழைக்காலம் வந்தது, சொல்ல எதுவும் இல்லை. விடிகாலையில் தானாக வருவதும் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றதைக் கவனிக்காதது போல.

மனைவி ஒன்றும் கேட்கவில்லை. தலையில் பூ வைப்பதை விட்டாள். ஒரு முறை மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்னைச் சலிச்சிட்டா?"

"கிறுக்கா ஒனக்கு?" என்றேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப் சுவரெல்லாம் ரகசிய நோய் வைத்தியரின் மஞ்சள் நோட்டீஸ் இருக்கும். சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துபோனது என்று அதில் போட்டிருக்கும். நானும் அதுதான் என்று நம்பினேன். ஒரு டப்பா லேகியம் வாங்கினேன். வயிறு கலங்கியதுதான் மிச்சம். பிறகு வேறு பேட்டை மருந்துக் கடையில், முகத்தைத் துண்டால் துடைப்பது போல மறைத்துக்கொண்டு, நீல மாத்திரை கேட்டேன். கடைக்காரர் டாக்டர் சீட்டுக் கேட்கவில்லை. இரண்டு முறை கொஞ்சம் வேலை செய்தது. மூன்றாம் முறை தலைவலிதான் வந்தது.

அதன் பிறகு நான் செய்ததுதான் தப்பு. பாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

இது எங்கள் தொழிலில் யாரும் கேள்வி கேட்காத காரணம். அரிசி ஊறவைத்திருக்கிறது, விடிவதற்கு முன்னால் கிரைண்டர் போடவேண்டும், ஆள் வரவில்லை. கடைக்காரன் கடையில் படுப்பான். மதியம் சாத்தினாலும் அங்கேயே படுத்துவிடுவேன். வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக்கூடப் போவதில்லை. மிஞ்சிய வடை, ஆறிப்போன தோசை, அடியில் நின்ற பொங்கல். வீணாக்கக் கூடாது என்று அதைத் தின்றுவிட்டு அண்ணனின் பாயை விரிப்பேன். பரணில் சுருட்டிக் கிடந்த பாய் அது. அண்ணன் போன பிறகு யாரும் எடுக்கவில்லை. அவரும் கடைசி வருடங்களில் கடையில்தான் படுத்தார். தொழிலில் அவ்வளவு அக்கறை என்று நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பாயின் ஒரு ஓரம் அவர் தலையெண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. நான் தலையை அந்த ஓரத்தில் வைக்க மாட்டேன். மாற்றிப் படுப்பேன். கண் விழிக்கும்போது தலை அந்தப் பக்கமே இருக்கும்.

அடுத்த வருடத் துர்கா பூஜை முடிந்து இரண்டு வாரம். ஒரு மதியம், பூஜை லீவில் வீட்டில் இருந்த மகளிடம் சொல்லி அனுப்பினாள் மனைவி, உடனே வீட்டுக்கு வரச்சொல்லி. போனேன். மதினி மாடியில் இருந்தார். அடுக்களையில் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அக்கா இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு கேட்டாவ." மதினியை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன?"

"ஒம் புருசன் எதுக்கு பாயத் தூக்கிட்டுப் போறாரு, கிரைண்டருக்கா, வேற எதுக்குமான்னு."

நான் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தேன்.

"கிரைண்டருக்குத்தான்னு சொன்னேன். அக்கா சிரிச்சாவ. சிரிக்கும்போதே கண்ணு நெறைஞ்சிட்டு. எங்க வீட்டுக்காரரும் கிரைண்டர்னுதான் சொன்னாரு, மூணு வருசம் அப்படித்தான் போனாருன்னாவ. மாடியில துணியக் காயப்போட்டுட்டு நீ இறங்கி வருவ, அவுக வீட்டுலயே இருக்க மாட்டாக, ஒங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டு நானும் பேசாமக் கெடந்தேன்னாவ."

கீரைக் காம்பைக் கீழே போட்டாள்.

"தன்மேலதான் வெறுப்புன்னு நெனச்சிட்டாவளாம். மூணு வருசம் அப்படியே நெனச்சிருக்காவ. அப்புறம் பெரியத்தான் செத்துப்போயிட்டாவ. இவரு எவ்வளவு நாளா போறாருன்னு கேட்டாவ. ஆறு மாசம்னேன். இன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போட்டீ, வெக்கத்தப் பாக்காதன்னு எங் கையப் புடிச்சிட்டாவ."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்? நீங்க கண்ணாடியில முதுகப் பாத்திருக்கீகளா? பின்னாலருந்து பாத்தா பெரியத்தான்தான். போன வாரம் துணி மாத்த நீங்க படியேறி வரும்போது அக்கா அடுப்படியில கரண்டியப் போட்டாவள்ல. எதுக்குன்னு நெனச்சீக?"

மறுநாள் போனோம். மருந்துக் கடைக்கு மேலே டாக்டரின் சேம்பர். வங்காளி, என் வயது இருப்பார். மனைவியும் உள்ளே வந்தாள். வெளியே இரு என்றேன். இருக்க மாட்டேன் என்றாள். டாக்டர் இந்தியில் கேட்டார், நான் பாதி இந்தியில், பாதி வங்காளத்தில் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ஐந்து நிமிடமும் நான் மேசையில் காகிதத்தின் மேல் இருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. நாலு எண் சொன்னார். பருக்கிறது ஆனால் இறுகவில்லை என்றால் ஒன்று. இறுகுகிறது, உறவுக்குப் போதாது என்றால் இரண்டு. போதும், முழுசாக இல்லை என்றால் மூன்று. முழுசு நாலு.

"ஒன்று" என்றேன். "சில நாள் இரண்டு."

"காலையில் தானாக?"

"இல்லை."

ரத்த அழுத்தம் பார்த்தார். கூடுதல். இடுப்பை டேப் வைத்து அளந்தார். எடை தொண்ணூற்றொன்று. அப்புறம்தான், வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டார். அண்ணனைச் சொன்னேன். நான் நிறுத்தியதும் மனைவி, அவளுக்குத் தெரிந்த உடைந்த வங்காளத்தில், அண்ணனுக்கும் இதே பிரச்சினை மூன்று வருடம் இருந்தது என்று சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

மேசையில் இருந்த ஜூஸ் பாக்கெட்டிலிருந்து ஸ்ட்ராவை உருவினார். பேனாவைக் கழற்றி ரீஃபிலை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஸ்ட்ரா, இதயத்துக்குப் போற குழாய்ன்னு வச்சுக்குங்க. ரீஃபில், கீழே போற குழாய். ரெண்டுலயும் ஒரே ரத்தம். சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் சேர்ந்து குழாயோட உள்பக்கத்தைக் கெடுக்குது. எது முதல்ல அடைக்கும்?"

"சின்னது" என்றாள் மனைவி.

"ஆமா. பலருக்கு இது முதல்ல வருது, நெஞ்சு வலி சில வருஷம் கழிச்சு வருது. எல்லாருக்கும் அப்படி இல்ல. மனசு, வேற மருந்து, நரம்பு, வேற காரணமும் உண்டு. ஆனா ஒரு மனுஷன் இதைச் சொன்னா, நான் முதல்ல இதயத்தைத்தான் பார்ப்பேன்."

அண்ணன் உடம்பு மூன்று வருடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் அதைப் பாயில் சுருட்டிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மனைவியை ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு நான் ஒன்று கேட்டேன். அண்ணன் போன அன்று கல்லா மேசையின் இழுப்பறையைச் சுத்தம் செய்தவன் நான். இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்று நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைப்பது, அது எனக்குத் தெரியும். இன்னொன்று நீல மாத்திரை. இரண்டிலும் குழிகள் காலியாக இருந்தன. யார் கண்ணிலும் படாமல் இரண்டையும் ஆதிகங்கை வாய்க்காலில் போட்டுவிட்டேன். அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டரிடம் அதைச் சொன்னேன்.

"அந்த ரெண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது. ரத்த அழுத்தம் சடார்னு விழும்."

"அன்னைக்கு எடுத்திருப்பாரா?"

"தெரியாது. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியப்போறதில்ல. நீங்க நீல மாத்திரை யாரையும் கேக்காம வாங்கினீங்கல்ல? அதை நிறுத்துங்க. வேணும்னா பிறகு நான் தரேன், இதயத்தைப் பார்த்துட்டு."

தெரியப்போவதில்லை என்பதுதான் அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. சில நாள் நாற்காலியில் உட்காரும்போது அந்த இழுப்பறை என் முழங்காலில் இடிக்கும்.

பரிசோதனைகள் எடுத்தோம். சர்க்கரை எல்லையைத் தாண்டி நின்றது. கெட்ட கொழுப்பு கூடுதல். ஆண் ஹார்மோன் குறைவின் ஓரத்தில். இயந்திரத்தில் ஓடவிட்டு இதயத்தைப் பார்த்தார்கள். அடைப்பு இருப்பதாகத் தெரியவில்லை, இப்போதைக்கு. சர்க்கரைக்கு, கொழுப்புக்கு, அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினார். பிறகு, "இனிமே உங்க மருந்து உங்க கால்ல" என்றார்.

"நான் காலை நாலு மணியிலருந்து நின்னு நடக்கறவன்" என்றேன்.

"கல்லுக்கும் மேசைக்கும் நடக்கறது நடை இல்ல. மூச்சு வாங்கணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது. வாரத்துல அஞ்சு நாள், நாற்பது நிமிஷம். ரத்தம் வேகமா ஓடும்போது குழாயோட உள்தோலைத் தேய்க்கும். தேய்ச்சா அது ஒரு வாயுவை விடும். அந்த வாயுதான் குழாயைத் தளர்த்துது. குழாய் தளர்ந்தாத்தான் ரத்தம் உள்ள நிறையும். உங்க உள்தோல் தூங்குது. எழுப்புங்க."

தொப்பையையும் தொட்டுக் காட்டினார். அது சும்மா தொங்குவதல்ல, ஆண் ஹார்மோனை எடுத்துப் பெண் ஹார்மோனாக மாற்றிக்கொண்டே இருக்கும் என்றார். எட்டுப் பத்துக் கிலோ இறங்கினால் அதுவும் திரும்பும். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். ஆறு மாதம், பொறுங்கள் என்றார்.

லேக் என்று இங்கே சொல்கிற பெரிய ஏரிக்கரையில் நடக்கப் போனேன். பனிக்காலம். காலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர் தெரியாது. கிரைண்டர் வேலையை ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டேன். முதல் மாதம் ஒழுங்காக நடந்தேன். எடை அரைக் கிலோ கூடியது.

டாக்டர் கேட்டார், "நடந்து முடிச்சதும் என்ன செய்றீங்க?"

அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. லேக்கில் நடக்கிற எல்லாரும் வாசலில் நின்று கொச்சூரி சாப்பிடுவார்கள். எண்ணெயில் பொரித்த பூரி, உருளைக்கிழங்குக் கறி, மேலே இரண்டு ஜிலேபி. நானும் நின்றேன். நடந்தவனுக்கு அது நியாயம் என்று நினைத்தேன். பகல் பூராவும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவன், காலையிலும் காசு கொடுத்து எண்ணெய் தின்றிருக்கிறேன்.

டாக்டர் அன்றுதான் சிரித்தார். "நாற்பது நிமிஷம் நடந்து நாலு நிமிஷத்துல திருப்பி வாங்கிட்டீங்க, தாதா."

கொச்சூரி நின்றது. கடையில் மிஞ்சியதைத் தின்பதும் நின்றது. இது கொச்சூரியை விடக் கஷ்டம். வடையை எண்ணி எண்ணித்தான் பசுமாட்டுக்குப் போட்டேன். மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். கொஞ்சம் சோறு, நிறையக் கீரை, பருப்பு, மீன். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு, கடையிலேயே, இரண்டு இட்லி.

லேக்கில் இன்னொன்றும் நடந்தது. பனிக்குள் எனக்கு முன்னால் ஒருவர் நடப்பார். அகன்ற முதுகு. இரண்டு கையையும் பின்னால் கட்டியிருப்பார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பார். அண்ணன் அப்படித்தான் நடப்பார். முதல் நாள் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். மறுநாளும் அதே முதுகு. நடந்தால் தூரம் குறையவில்லை. வேகமாக நடந்தேன். நெஞ்சு இடித்தது, வாயைத் திறந்து மூச்சு விட்டேன். வளைவில் பனி மூடும். பனி விலகினால் அங்கே மரம்தான் நிற்கும்.

டாக்டர் வேகமாக நடக்கச் சொன்னார். நான் அந்த முதுகைப் பிடிக்கத்தான் வேகமாக நடந்தேன். பிடித்தால் என்ன கேட்பது என்று தெரியாது. அந்த நீல மாத்திரையைப் பற்றிக் கேட்டிருப்பேனோ என்னவோ.

இரண்டாம் மாதம் முடிந்து, டாக்டர் எடை தூக்கவும் சொன்னார். தசை இருந்தால் அது சர்க்கரையைத் தின்னும், ஹார்மோனும் பிடித்து நிற்கும், காலும் இடுப்பும்தான் உடம்பில் பெரிய தசை, அதை விடாதீர்கள் என்றார். எங்கள் தெருவிலேயே ஒரு பழைய உடற்பயிற்சிச் சங்கம் உண்டு. ஒரே அறை, துருப்பிடித்த இரும்பு, சுவரில் அனுமார் படம். அதை நடத்துகிறவர் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். எழுபது வயது, கயிறு போல உடம்பு. என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"ஏய், இட்லி தாதா வந்துட்டாரு! அந்த சாம்பார் வாளியை வெளிய வச்சிட்டு உள்ள வாங்க!"

வாளி என்றது என் வயிற்றை. உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எதுக்கு வந்தீங்க? கல்யாணமா மறுபடி?"

"சர்க்கரை" என்றேன்.

"எல்லாரும் சர்க்கரைன்னுதான் சொல்றாங்க" என்று கண்ணைச் சுருக்கினார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

வாரம் மூன்று நாள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மட்டும். பத்துத் தடவைக்குத் தொடை எரிந்தது. பிறகு நாற்காலி இல்லாமல். பிறகு கையில் இரும்போடு. சுவரில் தண்டால், அப்புறம் தரையில். இழுப்பது, தூக்குவது. எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் முதுகில் ஓங்கி ஒரு அடி விழும். "மூச்சை விடு! பிரஷர் ஏறும்! செத்துட்டா தோசை யாரு போடுவா?"

எடை இறங்கியது. மாதம் ஒன்றரைக் கிலோ, சில மாதம் ஒன்றுமே இல்லை. சட்டை தொளதொளத்தது. கடைக்கு வருகிறவர்கள் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். ஒருத்தர் புற்றுநோயா என்றே கேட்டுவிட்டார். மெலிந்தால் இங்கே யாரும் நல்லதாக நினைப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் குழி மறுபடி பெரிதாக இருந்தது.

இவ்வளவும் நடக்கும்போது பாய் கடையில்தான் இருந்தது. நானும் அங்கேதான் படுத்தேன். சரியானால் வீட்டுக்குப் போகலாம் என்று. மனைவி மதியச் சோற்றை எனக்கு எதிரே உட்கார்ந்து போட்டாள். மதினி முன்பு போல மாடிக்குப் போனார். காயவேண்டிய துணி ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆனாலும் போனார்.

நாலாம் மாதம் ஒரு விடிகாலை. கடையில், பாயில் கண் விழித்தேன். உடம்பு எனக்கு முன்னாலேயே விழித்திருந்தது. விறைப்பு. ஒரு வருடத்துக்கு மேலாக வராதது. சந்தோஷப்படவேண்டும். நான் பயந்தேன். அண்ணன் பாயில் படுத்துக்கொண்டு, அவருக்கு வராமல் போனது எனக்கு வந்தது போல இருந்தது. என் தலை அந்தக் கறுத்த ஓரத்தில் இருந்தது. எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு லேக்குக்குப் போனேன்.

அன்று பனி லேசாக இருந்தது. அதே முதுகு முன்னால் போனது. எட்டி நடந்தேன். மூச்சு வாங்கவில்லை. கால் சொன்னதைக் கேட்டது. வளைவுக்கு முன்னாலேயே பக்கத்தில் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். வெள்ளை மீசை வைத்த ஒரு வங்காளிப் பெரியவர். முன்பின் பார்த்ததில்லை. இடது முழங்காலில் பட்டி கட்டியிருந்தார்.

"தாதா, ஆஜ் கூப் ஜோரே!" என்றார். இன்றைக்கு ரொம்ப வேகம்.

"ஆமா" என்றேன் தமிழில். அவரைத் தாண்டிப் போனேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அன்று மதியம் கடையைச் சாத்தினேன். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன்.

நானே வலிய மனைவியிடம் சொன்னேன். இன்று காலையில் வந்தது, மதியம் எப்படி என்று தெரியாது, வராமலும் போகலாம். இப்படிப் பேசியது இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். இரும்பு பிடித்துக் காய்த்திருந்தது.

"என்னது இது, கொத்தனார் கை மாதிரி?"

"சங்கத்துல."

"எனக்காகவா இதெல்லாம்?"

"சாகாம இருக்கவும்தான்."

"அப்ப சரி" என்றாள்.

அன்று இரண்டு. பயத்தில் பாதியில் போனது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. படுத்துக்கொண்டு மகள் படிப்பைப் பேசினோம். அடுத்தடுத்த வாரங்களில் மூன்று. ஏழாம் மாதம் எண்பத்திரண்டு கிலோ. சர்க்கரையும் அழுத்தமும் கீழே வந்திருந்தன. டாக்டர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். எண் கேட்டார்.

"மூணு. சில நாள் நாலு."

"மாத்திரை தரட்டுமா, அதுக்கு?"

"வேண்டாம்."

"நடையை விட்டா திரும்பி வரும், தெரியும்ல?"

தெரியும். கோடை லீவில் ஊருக்குப் போய்ப் பத்து நாள் நடக்காமல் இருந்தபோதே தெரிந்துகொண்டேன்.

பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அதைக் கொண்டுவந்த மதியம் மதினி வாசலில் இருந்தார். துணி வாளி கையில். என் கக்கத்தைப் பார்த்தார்.

"பாய் வீட்டுக்கு வந்துட்டா?"

"வந்துட்டு மதினி."

"கடைக்கு?"

"போகாது."

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன். கறுத்த ஓரத்தை விரலால் தடவினார்.

"தம்பி, அவுக அன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லியிருந்தா, இப்படி நடந்திருந்தா..."

முடிக்கவில்லை. இழுப்பறை, இரண்டு அட்டை, வாய்க்கால், எல்லாம் என் நாக்கில் வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் இன்னொரு மூன்று வருடம் அதை நினைத்துக் கிடப்பார்.

"தெரியல மதினி" என்றேன். அது பொய்யும் இல்லை.

அவர் தலையை ஆட்டினார்.

"எம்மேல வெறுப்பு இல்லைல்ல அவுகளுக்கு?"

"இல்ல மதினி. வெக்கம்தான்."

பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற சத்தம் கேட்டது. வெகு நேரம் தேய்த்தார். வாளியும் துணியும் வாசலிலேயே இருந்தன. மனைவி கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் கடைக்குப் புறப்படும்போது மாடியைப் பார்த்தேன். பாய் கைப்பிடிச் சுவரில் விரித்துக் கிடந்தது, ஈரமாக. அந்த ஓரத்துக் கறுப்பு மட்டும் போகவில்லை.